12 மணி நேரத்துக்கு 800 ரூபாய்: சேரலாமா?

"வக்கீல் சார், எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் நேரடி வேலை, 8 மணி நேரம், மாதம் 13,000 என்கிறார்கள். இன்னொரு மில்லில் காண்ட்ராக்ட், 12 மணி நேரம், நாளைக்கு 800. மாதம் 20,800 வரும். எதில் சேரலாம்?"

தம்பி, மாதத் தொகையை விட்டுவிட்டு மணிக் கணக்குப் போடுங்கள். நேரடி வேலையில் 26 நாளுக்கு 13,000 என்றால் நாளைக்கு 500, மணிக்கு 62 ரூபாய் 50 காசு. காண்ட்ராக்டில் வாரம் 6 நாளும் 12 மணி நேரம் என்றால் 72 மணி. இதில் 48 மணிதான் சாதாரண வேலை, மிச்சம் 24 மணியும் ஓவர்டைம். ஓவர்டைமுக்குச் சம்பளம் இரட்டிப்பு. பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். ஆக 96 மணிக்கான கூலி வர வேண்டும். உங்களுக்குத் தருவது 4,800. அதாவது மணிக்கு 50 ரூபாய், 8 மணிக்கு 400. அரிசி ஆலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தோடு இந்த 400-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் அந்த 800-ஏ சட்டப்படி செல்லாது. "எல்லாம் சேர்த்துத்தான் பேசினோம்" என்பது பதிலாகாது.

காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் மில் முதலாளிதான் தர வேண்டும், இ.எஸ்.ஐ. கட்டாவிட்டாலும் அவர்தான் பொறுப்பு. ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டுமே! என்னிடம் வருகிற பலரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. மில் ரிஜிஸ்டரில் பெயர் இருக்காது, மேஸ்திரியின் நோட்டில் மட்டும் இருக்கும். கை அடிபட்ட பிறகு அந்த நோட்டு காணாமல் போகும். அதனால் சேரும் நாளிலேயே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. "அடுத்த மாசம் போடலாம்" என்றால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் தொடர் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நேரடி ஆளுக்கு இது எளிது. காண்ட்ராக்ட் ஆளோ, அந்த ஒப்பந்தமே கண்துடைப்பு என்று முதலில் நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும்.

அப்புறம் பாதுகாப்பு. சேருவதற்கு முன் ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு மில்லுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா, எலிவேட்டர் குழியைச் சுற்றிக் கம்பி இருக்கிறதா, பாய்லர் சான்றிதழில் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். "இங்கே விபத்தே இல்லை" என்றால், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகம் போகிற போக்கைக் கவனியுங்கள்.

நேரடி வேலை என்று வாயால் சொன்னது போதாது. நியமனக் கடிதத்தில் மில்லின் பெயர் இருந்தால் அதிலேயே சேருங்கள். காண்ட்ராக்டில்தான் போயாக வேண்டும் என்ற நிலை என்றால், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் தினமும் சொந்த நோட்டில் எழுதி, கேட் பாஸைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.