சமைக்கும்போது காதில் விழும் நாளின் திட்டம்

கேள்வி: காலையில் சமைத்துக்கொண்டே அன்றைய வேலைகளை அலெக்ஸா வாசிக்கும்படி எப்படி வைப்பது?

முதலில் அலெக்ஸா செயலியில் உங்கள் காலண்டரை இணையுங்கள். அப்புறம், பல செயல்களை வரிசையாகச் செய்யவைக்கும் Routines பகுதியில் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பலரும் ஏழு மணி என்று நேரம் குறித்துவிடுவார்கள். சரியாக அந்த நிமிடம் மிக்சி ஓடினால் பாதி காதில் விழாது. அதனால் நேரத்துக்குப் பதில் Voice தேர்ந்தெடுத்து, "குட் மார்னிங்" என்றதும் தொடங்கும்படி வையுங்கள். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நீங்களே கூப்பிடலாம்.

வரிசைதான் முக்கியம். ஒலியளவை 7 ஆக்குவது முதல் செயல். இரவில் குறைத்து வைத்திருந்தால் அதுதான் காப்பாற்றும். அடுத்து காலண்டர், பிறகு வானிலை. பாட்டு வேண்டுமென்றால் கடைசியில்தான் வரும்.

சில நிகழ்வுகள் மட்டும் விடுபடுகிறதா? அலுவலகக் காலண்டருக்கு டிக் போட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள்.