கிரியேட்டினின் 1.0 இருந்தும் மாத்திரையைக் குறைப்பது ஏன்?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கும் என் பாட்டிக்கு வயது 78, எடை 42 கிலோ. அக்கி ஆறிய இடத்தில் வலி இருப்பதால் பிரிகாபலின் 75 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிட்டார். இப்போது புது டாக்டர் இரவு மட்டும் போதும் என்கிறார். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.0, நார்மல்தானே?

பதில்: குன்னூரில் மருந்தாளுநராக இருக்கிறேன். டாக்டர் செய்தது சரி. பாட்டிக்கு அந்த 1.0 நார்மல் இல்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. பாட்டியின் உடம்பில் தசை குறைவு, அதனால் கழிவும் குறைவாகவே உண்டாகிறது. சிறுநீரகம் மெதுவாக வடிகட்டினாலும் ரத்தத்தில் அது அதிகம் சேர்வதில்லை. ரிப்போர்ட் நம்மை ஏமாற்றுவது இங்கேதான்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. வயதாக ஆக அவற்றில் பல தழும்பாகிவிடும், புதிதாக முளைக்காது. உள்ளே போகும் ரத்தமும் குறையும். நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று அளக்கும் வடிகட்டும் வேகம், நாற்பதைத் தாண்டினால் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லி அளவில் இறங்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இறங்காது. சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் வேகமாக இறங்கும்.

அதனால் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட, வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 140இல் வயதைக் கழித்தால் 62. அதை எடை 42ஆல் பெருக்கி, 72ஆலும் கிரியேட்டினின் 1.0ஆலும் வகுத்தால் 36. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 31 மில்லி வருகிறது. அதே 1.0 உள்ள, 60 கிலோ எடையுள்ள 30 வயது ஆணுக்கு இது 92!

பிரிகாபலின் கிட்டத்தட்ட முழுவதும் மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறும். வேகம் 60க்குக் கீழே போனாலே நாள் அளவைப் பாதியாக்க வேண்டும், 30க்குக் கீழே இன்னும் குறைக்க வேண்டும். பாட்டி அந்த 30ஐ ஒட்டி நிற்கிறார். பழைய அளவிலேயே விட்டால் மருந்து உடம்பில் தேங்கும். பகலில் தூக்கம், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், கால் வீக்கம் எல்லாம் வரலாம். வீட்டுக்கு வீடு படியும் சரிவுமாக இருக்கும் நம் ஊரில் அந்தத் தள்ளாட்டம் இடுப்பெலும்பை முறித்துவிடும். "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் என் கவலை.

எல்லா மாத்திரைக்கும் இப்படிக் குறைக்க மாட்டார்கள். கல்லீரல் வழியாகப் போகும் மருந்துகள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அதனால் நீங்களாக எதையும் பாதியாக்காதீர்கள், பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

இது மதிப்பீடுதான். வாந்தி, வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் வேகம் உடனே விழும், கிரியேட்டினின் ஓரிரு நாள் கழித்துத்தான் ஏறும். அந்த நாட்களில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். குளிருக்கு முட்டி வலிக்கிறது என்று டைக்லோஃபெனாக் வாங்கித் தருகிறீர்களா? அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.