ஆயுதங்களை ஒப்படைத்தது யார்?

கேள்வி: ஜேர்மனியில் கிம்னாசியத்தில் 11ஆம் வகுப்பு படிக்கிறேன், இலத்தீன் ஒரு பாடம். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் அப்லாட்டிவுஸ் அப்சொலூட்டுஸ் என்ற தொடர் வரும் இடமெல்லாம் "நாஹ்டேம்", அதாவது "செய்த பிறகு", என்று தொடங்கி எழுதுகிறேன். பாதிக்கு மேல் சிவப்புக் கோடுதான். எங்கே பிழை விடுகிறேன்?

பதில்:

நானும் இங்கே கிம்னாசியத்தில்தான் இலத்தீன் படித்தேன். இப்போது மாலை நேரங்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் அநேகமானோர் விடுவதும் இதே பிழைதான். "நாஹ்டேம்" என்ற சொல்லில் பிழை இல்லை. அதை எழுதியதும் ஜேர்மன் மொழி ஓர் எழுவாயைக் கேட்கும். நீங்கள் யோசிக்காமல் பிரதான வாக்கியத்தின் எழுவாயையே எடுத்து அங்கே வைத்துவிடுவீர்கள். பிழை அந்த இடத்தில் நடக்கிறது.

சீசரின் கல்லியப் போர்க் குறிப்புகளில் இரண்டாம் புத்தகம், 12ஆம் அத்தியாயத்தையும் 13இன் முதல் வாக்கியத்தையும் எடுத்துக்கொள்வோம். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியாது. காலம் கி.மு. 57. சுவெசியோனர் என்ற இனத்தாரின் நோவியோதூனும் என்ற ஊருக்கு முன்னால் சீசரின் படை வந்து நிற்கிறது. (பிரான்சின் இன்றைய சுவாசோன் நகரின் பெயர் இந்த இனத்தாரிடமிருந்து வந்ததுதான்.) ஊருக்குள் காவலர்கள் இல்லை என்று கேள்விப்பட்ட சீசர், வந்த வேகத்திலேயே தாக்குகிறார். அகழி அகலம், மதில் உயரம், முடியவில்லை. பாசறை அமைத்து முற்றுகைக் கருவிகளைத் தயார்செய்கிறார். அதைக் கண்டு கலங்கிய ஊரார் தூதர்களை அனுப்பிச் சரணடைகிறார்கள். இந்தச் சிறிய கதைக்குள் எட்டு அப்லாட்டிவுஸ் அப்சொலூட்டுஸ் இருக்கின்றன.

முதலில் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள், 13இன் தொடக்கம். எழுவாய் சீசர். அதன் பிறகு "ஒப்சிதிபுஸ் அக்கெப்திஸ்", அதாவது பணயக்கைதிகள் பெறப்பட. சற்றுத் தள்ளி "ஆர்மிஸ்குவே ஓம்னிபுஸ் எக்ஸ் ஒப்பிதோ த்ராதிதிஸ்", அதாவது ஊரிலிருந்த ஆயுதங்கள் எல்லாம் ஒப்படைக்கப்பட. பிறகு பிரதான வினைகள்: சுவெசியோனரின் சரணை ஏற்கிறார், படையைப் பெல்லொவாக்கர் என்ற இன்னோர் இனத்தாரை நோக்கி நடத்துகிறார்.

பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது: "சீசர் பணயக்கைதிகளைப் பெற்று, ஆயுதங்களை ஒப்படைத்த பிறகு…" முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் வென்றவரே தன் ஆயுதங்களைக் கொடுத்துவிட்டார்! பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையில் நானும் இதையே எழுதினேன். பக்கத்தில் ஆசிரியர் "யார்?" என்று ஒரே சொல்லை எழுதியிருந்தார். இன்றுவரை ஒவ்வொரு அப்லாட்டிவுஸ் அப்சொலூட்டுஸ் முன்னாலும் நான் கேட்கும் முதற்கேள்வி அதுதான்.

இரண்டு தொடர்களும் ஒரே அச்சில் வார்த்தவை: அப்லாட்டிவ் வேற்றுமையில் ஒரு பெயர், அதே வேற்றுமையில் ஒரு செயப்பாட்டு இறந்தகால எச்சம். இரண்டிலுமே செய்தவர் யார் என்று இலத்தீன் சொல்லவில்லை. பெற்றது சீசர் என்பதும் கொடுத்தது சுவெசியோனர் என்பதும் இலக்கணத்திலிருந்து வருவதில்லை, கதையிலிருந்து வருகின்றன.

இலத்தீன் ஏன் இப்படி மறைக்கிறது? அந்த மொழியில் செய்வினைக்கு இறந்தகால எச்சம் கிடையாது. நமக்கு "பெற்று" என்ற ஒரு சொல் போதும். இலத்தீனில் அந்த வினைக்கு "பெறப்பட்ட" என்ற வடிவம் மட்டுமே உண்டு, அது சீசரோடு ஒட்டாது, கைதிகளோடுதான் ஒட்டும். ஆகவே கைதிகளையும் அந்த எச்சத்தையும் சேர்த்துத் தனியே அப்லாட்டிவில் ஒதுக்கிவைத்தார்கள். தெப்போனென்ஸ் வினைகளுக்கு மட்டும் இந்தக் குறை இல்லை: வடிவம் செயப்பாட்டு, பொருள் செய்வினை. அதனால்தான் முதல் புத்தகத்தின் 25ஆம் அத்தியாயத்தில் சீசர் "கோஹொர்தாத்துஸ் சுவோஸ்", தன் ஆட்களை ஊக்கப்படுத்தி, போரைத் தொடங்குகிறார். அது எழுவாயோடு நேராக ஒட்டி முதல் வேற்றுமையில் நிற்கிறது.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஜேர்மன் நண்பர்களுக்கு அது இல்லை. "வந்து, பெற்று, கேட்டு" போன்ற செய்து என்னும் எச்சத்தை நாம் சொன்னால், அதைச் செய்தவரே பிரதான வினையையும் செய்ய வேண்டும். தொல்காப்பியம் வினையியலில் இந்த விதியைச் சொல்கிறது. "சூரியன் உதிக்க, தாமரை மலர்ந்தது" என்று செய என்னும் எச்சத்தைச் சொன்னால் இரண்டு வினைக்கும் வேறு வேறு எழுவாய் வரலாம். அப்லாட்டிவுஸ் அப்சொலூட்டுஸ் கிட்டத்தட்ட இந்தச் செய எச்சம். ஆகவே ஜேர்மனுக்குப் போக முன்னர் மனதுக்குள் தமிழில் இப்படி வையுங்கள்: "பணயக்கைதிகள் பெறப்பட, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட, சீசர் சரணை ஏற்கிறார்." இதில் பொய்யே இல்லை, செய்தவர் யார் என்பதும் இன்னும் திறந்தே இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் "யார்?" என்று கேளுங்கள். விடை பிரதான எழுவாய்தான் என்றால் "பெற்று" என்று மாற்றலாம், ஜேர்மனிலும் செய்வினையாக எழுதலாம். விடை வேறு ஆள் என்றால் செயப்பாட்டிலேயே விடுங்கள், அல்லது அந்த ஆளின் பெயரை எழுவாயாக வையுங்கள். தெரியவில்லை என்றால் செயப்பாடு எப்போதும் பாதுகாப்பு.

ஒரு எச்சரிக்கை. பேச்சில் நாம் "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று விதியைத் தளர்த்துவோம். "படிக்க வந்தேன்" என்று செய எச்சத்தை நோக்கத்துக்கும் பயன்படுத்துவோம். இலத்தீன் தொடருக்கு அந்த நோக்கப் பொருள் இல்லை.

இதே பொறி 12ஆம் அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தில் திசைமாறி வருகிறது. "வீனெயிஸ் ஆக்திஸ், அக்கெரே யாக்தோ, துர்ரிபுஸ்குவே கோன்ஸ்திதூதிஸ்": கூரையிட்ட நகரும் கொட்டகைகள் ஊரை நோக்கி நகர்த்தப்பட, மண்மேடு கொட்டப்பட, கோபுரங்கள் நிறுத்தப்பட. பிரதான வினை "மித்துந்த்", அனுப்புகிறார்கள். தூதரை அனுப்புவது சுவெசியோனர், கொட்டகையை நகர்த்தியது உரோமர். இங்கே பிரதான எழுவாயைத் தூக்கி வைத்தால் ஊரார் தங்கள் மதிலைத் தாங்களே முற்றுகையிடுவார்கள்.

அதே வாக்கியத்தில் "மக்னிதூதினே ஓபெரும்… பெர்மோத்தி" என்றும் வருகிறது. "மக்னிதூதினே" அப்லாட்டிவ்தான், பின்னால் ஓர் எச்சமும் வருகிறது. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வட்டமிட்டுவிடுகிறார்கள். முடிவு எழுத்துகளைப் பாருங்கள்: "பெர்மோத்தி" பன்மை முதல் வேற்றுமை, அது எழுவாயான சுவெசியோனரோடு ஒட்டுகிறது. "மக்னிதூதினே" அந்தக் கலக்கத்துக்குக் காரணம் மட்டுமே: வேலைகளின் பிரமாண்டத்தால் கலங்கிய அவர்கள். பெயரும் எச்சமும் வேற்றுமையிலும் எண்ணிலும் பாலிலும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே அப்லாட்டிவுஸ் அப்சொலூட்டுஸ் இல்லை. ஒத்துப்போனால் பென்சிலால் அடைப்புக்குறி போடுங்கள். "ஆர்மிஸ்… த்ராதிதிஸ்" இரண்டுக்கும் நடுவில் சிக்கிய "ஓம்னிபுஸ் எக்ஸ் ஒப்பிதோ" முழுவதும் அந்த அடைப்புக்குள் போய்விடும்.

இனி "நாஹ்டேம்" விஷயம். அது இறந்தகால எச்சத்துக்கு மட்டும் பொருந்தும், ஏனென்றால் அந்தச் செயல் முன்பே முடிந்துவிட்டது. நிகழ்கால எச்சம் பிரதான வினையோடு ஒரே நேரத்தில் நடப்பது. சீசரின் முதல் தாக்குதல் பற்றிய வாக்கியத்தில் "பௌகிஸ் தேஃபெந்தெந்திபுஸ்" என்று வருகிறது: சிலரே காவல் காக்க. இதற்கு "காத்த பிறகு" என்று எழுதினால் நேரமே தவறு. "வேரெண்ட்", அதாவது "காக்கும்போது", என்று எழுதினால் நேரம் சரி, ஆனால் வாக்கியத்தின் உயிர் வரவில்லை. பிரதான வினையைப் பாருங்கள்: கைப்பற்ற முடியவில்லை. காவலர் சிலரே என்றால் கைப்பற்றுவது சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே "ஒப்வோல்": சிலரே காத்தபோதிலும் முடியவில்லை. "போதிலும்" என்ற கருத்தை இலத்தீன் எழுதவில்லை. எச்சத்தின் காலத்தை மட்டும் அது தருகிறது, உறவை நீங்கள் பிரதான வினையிலிருந்து எடுக்க வேண்டும்.

ஊரார் தூதனுப்பிய பிறகு "பெதெந்திபுஸ் ரேமிஸ்" வருகிறது, அயல் இனத்தாரான ரேமர்கள் வேண்டிக்கொள்ள. இதுவும் நிகழ்கால எச்சம். பிரதான வினை, உயிர் தப்ப அனுமதி பெறுகிறார்கள் என்பது. வேண்டுகோள்தான் காரணம், ஆகவே "வைல்". இதற்கு முழு வாக்கியமே தேவையில்லை, "ரேமர்களின் வேண்டுகோளின் பேரில்" என்ற சிறு தொடர் ஜேர்மனிலும் அழகாக அமைகிறது. நான் பரீட்சையில் அதைத்தான் எழுதுவேன்.

எச்சமே இல்லாமலும் இது வரும். முதல் புத்தகம் 2ஆம் அத்தியாயத்தில், மெசாலாவும் பீசோவும் கொன்சுல்களாக இருந்தபோது (கி.மு. 61) என்ற பொருளில் இரண்டு பெயர்களும் "கோன்சுலிபுஸ்" என்ற பதவியும் மட்டும் அப்லாட்டிவில் நிற்கின்றன. "இரு" என்னும் வினைக்கு இலத்தீனில் நிகழ்கால எச்சம் இல்லாததே காரணம். "இருக்க" என்று நீங்களே சேர்த்து வாசியுங்கள்.

இப்போது 13இன் வாக்கியத்தை முழுதாக எழுதிப் பார்ப்போம். "ஒப்சிதிபுஸ் அக்கெப்திஸ்" என்பதற்குப் பின்னால் வரும் "இனத்தின் முதன்மையானவர்கள், கல்பா அரசனின் இரண்டு ஆண்மக்கள்" என்ற பெயர்களும் அப்லாட்டிவில்தான் இருக்கின்றன. அவர்கள் புதிய ஆட்கள் அல்ல, அந்தப் பணயக்கைதிகளே அவர்கள்தான். ஆகவே: "இனத்தின் முதன்மையானவர்களையும் கல்பா அரசனின் இரண்டு ஆண்மக்களையும் பணயக்கைதிகளாகப் பெற்று, ஊரிலிருந்த ஆயுதங்கள் அனைத்தையும் சுவெசியோனர் ஒப்படைத்த பின், சீசர் அவர்களின் சரணை ஏற்றுப் படையைப் பெல்லொவாக்கரை நோக்கி நடத்துகிறார்." இதை ஜேர்மனில் எழுதும்போது முதல் வினைக்கு "அவர்", இரண்டாவதற்குச் "சுவெசியோனர்" என்று இரண்டு எழுவாய்கள் வர வேண்டும். உங்கள் பயிற்சிக் கொப்பியில் சிவப்புக் கோடு விழுந்த வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொரு எச்சத்தின் மேலும் செய்தவர் பெயரைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். எந்த வாக்கியத்தில் பெயர் மாறுகிறது என்று இங்கே பின்னூட்டத்தில் போட்டால் சேர்ந்து பார்க்கலாம்.