மாதவிடாய் நின்ற பிறகு வறட்சி, நீர்க்கடுப்பு: ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஆபத்தா?

கேள்வி: வயது 57. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. பிறப்புறுப்பில் வறட்சி, உறவின்போது வலி. நீர்க்கடுப்புக்கு மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் சரியாகவில்லை. இப்போது ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்த தாளில் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் என்றெல்லாம் போட்டிருக்கிறது, பயத்தில் ட்யூபையே திறக்கவில்லை.

பதில்: அந்த மூன்று முறையும் யூரின் கல்ச்சர் பார்த்தார்களா? கல்ச்சரில் கிருமியே வளரவில்லை என்றால் உங்களுக்கு வந்தது தொற்றாக இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்த் துவாரமும் பிறப்புறுப்பும் ஈஸ்ட்ரோஜனை நம்பியே இருக்கிற இடங்கள், அது குறைந்ததும் இரண்டு இடத்திலும் தோல் மெலிந்துபோய், சிறுநீர் பட்டாலே எரியும், அடிக்கடி போகத் தோன்றும். கூடவே, அங்கே அமிலத்தன்மையைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைவதால் நிஜமான தொற்றும் எளிதில் வரும். ஆன்டிபயாடிக் இந்த மூலகாரணத்தைத் தொடுவதில்லை.

தாளில் உள்ள எச்சரிக்கை பெரும்பாலும் தினமும் விழுங்கும் ஹார்மோன் மாத்திரைகளை வைத்து எழுதியது. 2002இல் அமெரிக்காவில் வெளியாகி இந்தப் பயத்தைக் கிளப்பிய பெரிய ஆய்வில் பெண்கள் சாப்பிட்டதும் மாத்திரைதான். மாத்திரையோ ஒட்டும் பேட்ச்சோ, ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போவதற்காகவே கொடுப்பது; குப்பென்று சூடு ஏறி வியர்ப்பதற்கு அதுதான் பலன் தரும், உங்கள் க்ரீம் தராது. கர்ப்பப்பை உள்ளவர்கள் அந்த மாத்திரை, பேட்ச்சுடன் புரோஜெஸ்டிரோனும் எடுக்க வேண்டும். குறைந்த அளவு க்ரீமுக்கு அது பொதுவாகத் தேவையில்லை, ஏனென்றால் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இருக்கும் அளவை ஒட்டியே இருக்கும். இன்னொரு வேடிக்கை, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றைக் குறைப்பது உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான், விழுங்கும் மாத்திரை அல்ல.

ஈஸ்ட்ரியால் க்ரீம் வழக்கமாக இப்படித்தான்: முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவு அரை கிராம், அப்புறம் வாரம் இரண்டு நாள். உங்கள் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அப்ளிகேட்டரை முழுக்க நிரப்பாதீர்கள், அதிலுள்ள கோடு வரைதான். மிக ஆழமாகத் தள்ள வேண்டாம், கொஞ்சம் விரல்நுனியில் எடுத்து சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் தடவுங்கள். முதல் சில நாள் லேசாக எரியலாம், மெலிந்த தோல் அப்படித்தான். பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள்! வறட்சி குறைய சில வாரம், முழுப் பலனுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். நிறுத்தினால் தொல்லை திரும்பும், ஆகவே இது தொடர்ந்து போடுகிற மருந்து. உறவின்போது தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் தனியாக வேண்டும், க்ரீமை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த இடத்தில் சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், குறிப்பாக லெட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஒரு சொட்டு ரத்தக்கசிவு இருந்தாலும், இப்போதோ பிறகோ, க்ரீம் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தமோ குளிர்காய்ச்சலோ வந்தால் உடனே போய்க் காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் இன்றிரவே ட்யூபைத் திறக்கலாம்.