ஏகாதசி விரதம்: களி சாப்பிடலாமா, பாரணை எத்தனை மணிக்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்கள் அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் பாரணை நேரம் பற்றிய கேள்விகள்தான். விரதம் இருப்பதில் காட்டும் கவனத்தை அதை முடிப்பதில் பலரும் காட்டுவதில்லை. அதனால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏகாதசிக்கு அரிசிதானே கூடாது? எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் சாப்பிடுகிறோம். சரிதானா? (பென்னாகரம்)

நம் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம் இது. ஒரு காலத்தில் இங்கே நெல்லுச்சோறு விசேஷ நாளில்தான். அன்றாடச் சாப்பாடு களியும் சாமையும். அதனால் ‘அரிசியை விட்டால் விரதம்’ என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் முறை சொல்வது தானியத்தை விடுவது. கேழ்வரகு, சாமை, கம்பு, கோதுமை எல்லாமே தானியம்தான். துவரை, உளுந்து, கொள்ளு போன்ற பருப்பு வகைகளையும் அன்று விட வேண்டும்.

சாமையில் இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. வடநாட்டில் விரதத்துக்கு ‘சமா அரிசி’ சமைப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, அது நம் சாமைதான் என்று நினைக்கிறார்கள். அங்கே அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் குதிரைவாலி. அதை விரத உணவாக ஏற்பது அவர்கள் வழக்கம். நம் பக்கத்து வைணவக் குடும்பங்களில் அது கிடையாது.

முழுப் பட்டினி முடியாதவர்களுக்குப் பால், மோர், இளநீர், பழம், தேங்காய், கிழங்கு உண்டு. குச்சிக்கிழங்கு நம் ஊரிலேயே விளைகிறது, வேகவைத்து உப்புப் போட்டுச் சாப்பிடலாம். ஜவ்வரிசியும் அந்தக் கிழங்கு மாவிலிருந்து வருவதுதான், பாலில் கஞ்சியாகக் காய்ச்சலாம். ஆனால் தாளிக்கும்போது உளுத்தம்பருப்பு போட்டால் விரதம் அங்கேயே போய்விடும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சீரகமும் மிளகும் போதும்.

பாரணை என்றால் விடிந்ததும் சாப்பிட்டுவிடலாம்தானே? போன மாதம் 6.30-க்குச் சாப்பிட்டேன், தப்பு என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. (காரிமங்கலம்)

அந்த அம்மா சொன்னது சரியாக இருக்கலாம். பாரணைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. சூரியன் உதித்திருக்க வேண்டும். துவாதசி திதி முடிந்திருக்கக் கூடாது. துவாதசியின் முதல் கால் பாகம் கழிந்திருக்க வேண்டும். இந்தக் கால் பாகத்துக்கு ஹரிவாசரம் என்று பெயர். அது ஏகாதசியோடு சேர்ந்த காலம் என்பதால் அதற்குள் சாப்பிடுவதில்லை. பலரும் தவறவிடுவது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். துவாதசி அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 3 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 23 மணி நேரம். அதில் கால் பாகம் 5 மணி 45 நிமிடம். 4 மணியோடு கூட்டினால் 9.45. சூரியன் 6.10-க்கே உதித்தாலும் அன்று 9.45-க்குப் பிறகுதான் பாரணை.

இதற்கு நேர்மாறான நாளும் வரும். துவாதசி முதல் நாள் காலை 7.40-க்கே தொடங்கி, பாரணை நாள் காலை 7.10-க்கு முடிகிறது என்றால், ஹரிவாசரம் முதல் நாள் மத்தியானமே கழிந்துவிட்டது. இப்போது 6.10-லிருந்து 7.10 வரை ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அன்று குளித்து, பூஜை முடித்து, அகத்திக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தால் துவாதசி போய்விடும். முதல் நாள் சாயங்காலமே கீரையை ஆய்ந்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. திதி முடியும் நேரம் சென்னைக்கும் தருமபுரிக்கும் ஒன்றுதான். சூரிய உதயம்தான் மாறும், நமக்குச் சுமார் 8 நிமிடம் பிந்தி வரும். நாழிகையில் அச்சிட்ட பஞ்சாங்கம் என்றால், அது எந்த ஊருக்குக் கணித்ததோ அந்த ஊர் உதயத்திலிருந்து நாழிகைக்கு 24 நிமிடம் என்று கணக்கிடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிவில் சில மணி நேரம்கூட வித்தியாசம் வரும். ஏகாதசியை ஒன்றில் பார்த்துவிட்டுப் பாரணையை மற்றொன்றில் பார்க்காதீர்கள். வீட்டு வழக்கம் எதுவோ, இரண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓசூரில் முதல் ஷிப்ட். 5.30-க்கே கம்பெனி பஸ் வந்துவிடும். என்ன செய்வது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். 9.45-க்கு மேல் என்று வரும் நாளில் கஷ்டமே இல்லை, டிபன் பாக்ஸில் எடுத்துப்போய் டீ இடைவேளையில் சாப்பிடலாம். 7.10-க்குள் என்று வரும் நாளில், ஒரு சின்ன பாட்டிலில் துளசி போட்ட தண்ணீர் எடுத்துப் போங்கள். உதயம் ஆனதும் பஸ்ஸிலேயே பெருமாளை நினைத்து ஒரு வாய் குடியுங்கள், பாரணை ஆகிவிட்டது. சாப்பாடு அப்புறம் ஆகட்டும். குளிக்கப் போன துர்வாசர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்த அம்பரீஷன், துவாதசி முடியப்போகிறது என்று தண்ணீர் மட்டும் அருந்தியது இந்த முறையில்தான். துவாதசியன்று துளசி பறிக்கக் கூடாது. ஏகாதசியன்றும் பல வீடுகளில் பறிப்பதில்லை, தசமியன்றே பறித்து வையுங்கள்.

பாரணைக்கு என்னதான் சமைக்க வேண்டும்? அகத்திக்கீரை குழந்தைகளுக்குக் கசக்கிறது. (பாலக்கோடு)

அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் முக்கியம். புளி சேர்ப்பதில்லை. முதலில் துளசித் தீர்த்தம், அதன்பின் நெல்லிக்காய்த் துண்டு அல்லது தயிரில் போட்ட நெல்லிக்காய்ப் பச்சடி, பிறகு சோற்றோடு கீரை. சுண்டைக்காய் வற்றலை மோர்க்குழம்பில் போடலாம். அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூரில் இருக்கிறோம், காய்க்கும் காலத்தில் பாரணைக்கு நெல்லியைத் தேடி வாங்குவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

கீரை ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். வெறும் வயிற்றில் அதிகமானால் வயிறு போகும். நரம்பை உருவி, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு வேகவிட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல் சேர்த்தால் கசப்பு அடங்கும். துவாதசியில் பருப்புக்குத் தடை இல்லை. சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்டபிறகு கீரையைச் சேருங்கள், அகத்தி மருந்தை முறிக்கும் என்பார்கள். காபியைச் சாப்பாட்டுக்கு முன் குடிக்காதீர்கள், காலி வயிற்றில் எரிச்சல் கிளப்பும். அன்று பகலில் தூங்குவதும் இல்லை.

என் கணவருக்குச் சர்க்கரை, மாத்திரை போடுகிறார். பிடிவாதமாக முழுப் பட்டினி இருக்கிறார். (காவேரிப்பட்டணம்)

இதற்கு நான் கடுமையாகவே சொல்கிறேன், அம்மா. சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிடாத நாளிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ஏகாதசிக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேட்டுவிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் என்றால் கருவியில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அந்த நொடியே மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

ஜவ்வரிசியும் கிழங்கும் அவருக்குச் சர்க்கரையை ஏற்றும், மோரும் கொஞ்சம் கொய்யாவும் நல்லது. எட்டு வயதுக்கு மேல், எண்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கே விரதம் என்று சொன்னவர்கள் நோயாளிக்கும் விலக்குத் தந்திருக்கிறார்கள் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் நீங்கள் இருவருக்குமாக விரதம் இருங்கள், அவர் தானியம் மட்டும் தவிர்த்து வேளைக்குச் சாப்பிடட்டும்.