புது ஊரில் முதல் வருடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மதுரையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்கிறோம். ஒயிட்ஃபீல்டில் வேலை, முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஒரே குடியிருப்பில் இரண்டு வீடுகள் பார்த்தோம். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா எல்லாம் உள்ள வீட்டுக்கு வாடகை 34,000 ரூபாய். அலமாரியும் மின்விசிறியும் மட்டும் உள்ள வீட்டுக்கு 26,000. காலி வீட்டை எடுத்துப் பொருள் வாங்கிப்போடுவதே லாபம் என்கிறார் அப்பா. எதை எடுக்கலாம்?

க.

அன்புள்ள க.,

அப்பாவின் கணக்கு சரிதான், வேலை நிலைத்து நீங்கள் அங்கேயே தங்கிவிட்டால். வாடகையில் கூடும் 8,000 நீங்கள் குடியிருக்கும் மாதங்களுக்கு மட்டும் போகும். சொந்தமாகப் பொருள் வாங்கினால் நட்டத்தின் பெரும்பங்கு வாங்கிய அன்றே நேர்ந்துவிடும்.

எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் ஊர் திரும்ப நேர்ந்து அவசரமாக விற்றால் பாதி கிடைப்பதே பெரிது. பழைய மெத்தையை வாங்க ஆள் கிடைப்பது அரிது. ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால் மதுரைவரை லாரி வாடகை, அங்கே ஏற்கெனவே ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும். ஆக 45,000 நட்டம். அதை 8,000 ஆல் வகுத்தால் ஐந்தரை மாதத்துக்குச் சற்று மேல் வருகிறது. உங்கள் தகுதிகாண் காலம் முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். அதனால் பொருள் வாங்குவதா என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டாம் என்பேன்.

காலி வீட்டையே எடுங்கள். ஆனால் பெரிய பொருள் எதையும் வாங்காதீர்கள். பெங்களூரில் கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றை மாத வாடகைக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். இந்த மூன்றுக்கும் விலை கேளுங்கள். 8,000-க்குக் கீழே நின்றால் யோசிக்கவே வேண்டாம். சோபா இல்லாமல் ஆறு மாதம் இருக்கலாம், பாயும் இரண்டு நாற்காலியும் போதும். அடுப்பும் பாத்திரமும் மட்டும் ஊரிலிருந்து எடுத்துச்செல்லுங்கள். வாடகைப் பொருளைக் குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், முன்னதாகத் திருப்பினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இதில் இன்னொரு நன்மை அட்வான்ஸ். அங்கே அதை வாடகையின் மடங்காகத்தான் கேட்பார்கள். ஐந்து மாத அட்வான்ஸ் என்றால் 34,000 வீட்டில் உங்கள் பணம் இன்னும் 40,000 கூடுதலாக முடங்கும். காலி செய்யும்போது சோபாவில் கறை, கட்டிலில் கீறல் என்று அதிலிருந்து கழிக்கவும் இடமுண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒப்பந்தத்தில் உள்ள 'லாக்-இன்' காலம். 11 மாத ஒப்பந்தம் போட்டாலும், நோட்டீஸ் கொடுத்துவிட்டு முன்னதாக வெளியேற முடியுமா என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. அதற்குள் கிளம்பினால் மீதி மாத வாடகையையும் கேட்பார்கள். மூன்று மாதம் லாக்-இன், ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதக் கேளுங்கள். ஆறு மாதம்வரை ஒப்புக்கொள்ளலாம். அதற்குமேல் பிடிவாதமாக இருந்தால் அந்தக் குடியிருப்பை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள்.