துக்க வீட்டிலிருந்து நேர்முகத் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்பது எப்படி?

"ராத்திரி ஒன்பதரைக்கு என் அம்மா தவறிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு மகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் ஆன்லைன் நேர்முகத் தேர்வு. தேதி மாற்றக் கேட்டால் வேலையே கைவிட்டுப் போய்விடுமோ என்று அழுகிறாள்" என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார்.

ஐயா, உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள். தாராளமாகக் கேட்கலாம். தேர்வு நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், பெரும்பாலான நிறுவனங்கள் ஒருமுறை தேதி மாற்றித் தரும். சிக்கல் வருவது சொல்லாமல் விடும்போதுதான். நேர்காணல் செய்பவர் இணைப்பில் வந்து காத்திருந்துவிட்டுப் போனால், பட்டியலில் 'வரவில்லை' என்று பதிவாகிவிடும். மதியம் நீங்கள் எழுதும் காரணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஒருவரைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

அதனால் இன்று இரவே மின்னஞ்சல் போய்விட வேண்டும். அழைப்பு எந்த மின்னஞ்சலில் வந்ததோ, அதற்கே பதிலாக அனுப்பச் சொல்லுங்கள். புதிதாக எழுதினால் அது வேறு கடிதமாகக் கிடக்கும், யாருடைய கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. தலைப்பை மாற்றாமல், முதல் வரியில் மகளின் பெயர், விண்ணப்ப எண், தேர்வுத் தேதி, 'தேதி மாற்ற வேண்டுகோள்' என்பவை இருக்கட்டும். காலையில் அலுவலகம் திறந்ததும் எச்.ஆரை போனில் பிடித்து, "மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சொன்னால் போதும். மகளால் பேச முடியாவிட்டால் அண்ணனோ சித்தப்பாவோ பேசலாம். ஆனால் மின்னஞ்சல் அவள் முகவரியிலிருந்துதான் போக வேண்டும்.

அதன் கீழே நாலைந்து வரி போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் விஷயம் இவ்வளவுதான்: "நாளை காலை பத்து மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. என் பாட்டி இன்று இரவு காலமாகிவிட்டார். இறுதிச் சடங்குக்காகச் சொந்த ஊருக்குப் போகிறேன். திங்கள் அல்லது செவ்வாய், எந்த நேரமானாலும் கலந்துகொள்ள முடியும். ஊரில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, ஆனால் இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும்." பாட்டிக்கு என்ன நோய், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதெல்லாம் வேண்டாம். உருக்கமாக நீட்டி எழுதினால், படிப்பவர் தேதியைத் தேட வேண்டியிருக்கும்.

மாற்றுத் தேதி சொல்வதில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. கருமாதி முடிய பதினாறு நாள் ஆகும், அதுவரை எதுவும் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வளவு நாள் ஒரு காலியிடத்தை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அடக்கம் புதன்கிழமை, பால் தெளிப்பது வெள்ளிக்கிழமை என்றால் திங்கட்கிழமை கேட்பது நியாயமான இடைவெளி. ஆன்லைன் தேர்வுதானே, சத்தமில்லாத ஒரு உறவினர் வீட்டு அறையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். பதினாறாம் நாள் அன்று அடுத்த சுற்று வந்தால் மட்டும் அந்த ஒரு நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆதாரம் பொதுவாகக் கேட்பதில்லை. கேட்டால், 'இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தருகிறேன்' என்று எழுதலாம். இறப்பைப் பதிவு செய்யவே 21 நாள் அவகாசம் உண்டு என்பதால் அது உடனே கிடைக்காதது எல்லோருக்கும் தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் படம் இருந்தால் அதுவே போதும். திடீர்க் காய்ச்சல் என்றால் கதை வேறு. அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துத் தேதி போட்ட சீட்டு வாங்கி வையுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டும் செல்லும். குணமான பிறகு வாங்கும் சான்றுக்கு மதிப்பு குறைவு.

நேர்காணல் அல்லாமல் ஆன்லைன் டெஸ்ட் என்றால், லிங்க் காலாவதியாகும் முன் கேட்க வேண்டும். 'திறந்து பார்ப்போம், முடிந்தால் எழுதுவோம்' என்று தொடங்கவே கூடாது. பெரும்பாலும் தொடங்கிவிட்டாலே அது ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறிவிடும், மறுபடி திறந்துவிடுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

கல்லூரி வளாகத் தேர்வில் நேரடியாக நிறுவனத்துக்கு எழுதாமல் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் சொல்லுங்கள். ஒரே நாளுக்கு வரும் குழு திரும்பி வராது, ஆனால் அவர் கேட்டால் மாலை நேரத்திலோ அடுத்த நாள் வீடியோவிலோ ஒரு இடம் கிடைக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு, நீட் போன்றவற்றில் தனி ஒருவருக்காகத் தேதி மாற்ற மாட்டார்கள். அங்கே எழுதப் போவதா, விடுவதா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

மகளிடம் இன்னொன்று சொல்லுங்கள். காலை ஒன்பதரை வரை பதில் வராவிட்டால், முடிந்தால் பத்து மணிக்கு இணைப்பில் ஒரு நிமிடம் தலையைக் காட்டி, "என் பாட்டி இறந்துவிட்டார், மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், வேறு தேதி தர முடியுமா?" என்று நேரிலேயே கேட்கட்டும்.